முழுகிவிட்டேன் என்று சொன்ன மாதம்

எங்கள் லயத்தில், எஸ்டேட்காரர்கள் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், ஒருத்தி கர்ப்பமாக இருந்தால் “முழுகாம இருக்கா” என்பார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் அந்த மாதம் இல்லை என்று அர்த்தம். கல்யாணமாகி ஐந்து வருஷம் நான் தவறாமல் முழுகிக்கொண்டிருந்தேன். சின்னக்கானல் மலைக்குளிரில், விறகடுப்பில் வெந்நீர் காய வைத்து, கொல்லைத் தட்டிக்குப் பின்னால் நின்று தலையில் ஊற்றும்போதெல்லாம் அழுகை தண்ணீரோடு போய்விடும். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தால் புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். சுற்றுலா வருகிறவர்களை மலை மேலே ஏற்றிப் போய் இறக்குவார். நான் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளப் போகிறவள். எங்களோடு மாமியார் இருந்தார். குழந்தையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது எனக்குத் தெரியும். யார் வீட்டுத் தொட்டிலைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அடுப்பில் ஏதோ கருகுகிற மாதிரி எழுந்து உள்ளே போய்விடுவார்.

அந்த மாதம் எனக்கு நாள் வருவதற்கு இன்னும் நாலைந்து நாள் இருந்தது. கொழுந்துச் சாக்கை எடை போட்டுவிட்டு வந்து பார்த்தால் உள்பாவாடையில் கறை. சிவப்பு என்று சொல்ல முடியாது. வெளுத்த ரோஸ் நிறத்தில், ஓரமெல்லாம் பழுப்பாக. அடிவயிற்றில் லேசாக ஒரு இழுப்பும் இருந்தது. ஒவ்வொரு மாதமும் நாள் வருமுன் இருக்கும் அதே இழுப்புதான்.

நாள் வந்துவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“நாள் இன்னும் ஆகலையே புள்ள. ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாரு.”

“வந்துருச்சுங்கேன். வந்த பொறவு என்னத்தப் பாக்க?”

இருந்தாலும் மறுநாள் காலையில் அவருக்காகப் பார்த்தேன். ஒரு கோடுதான் விழுந்தது. அவர் அந்தப் பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு காகிதத்தில் சுற்றி வெளியே கொண்டுபோனார். நான் வெந்நீர் போட்டு முழுகிவிட்டேன்.

தலை ஈரத்தோடு வந்த என்னைப் பார்த்ததும் மாமியாருக்குப் புரிந்துவிட்டது. உளுந்தங்கஞ்சி காய்ச்சி நல்லெண்ணெய் விட்டுக் கையில் கொடுத்தார். வீட்டுக்காரர் அன்றைக்கு வந்த சவாரியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, என்னை ஜீப்பில் ஏற்றி அணைக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார். தண்ணீரைப் பார்த்தபடி அவித்த கடலை தின்றோம்.

“நமக்குப் புள்ள இல்லன்னாலும் நீ எனக்கு இருக்கேல்ல” என்றார்.

அவர் அப்படிப் பேசுகிறவரே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு அக்கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் கறை மறுநாளோடு நின்றுவிட்டது. வைத்த துணி நனையவே இல்லை, பொட்டுப் பொட்டாகத்தான் பட்டிருந்தது. கட்டியும் இல்லை, வழக்கமான இடுப்பு வலியும் இல்லை. குளிரில் மழையில் நின்று வேலை செய்கிற உடம்பு, ரத்தம் குறைந்துபோயிருக்கும், அதுதான் கொஞ்சமாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாமியாரும் அதையே நினைத்து, முருங்கைக்கீரையாகப் பறித்துப் போட்டார்.

அடுத்த மாதம் நாள் தள்ளிப்போனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே வந்துவிடும் என்று ஒரு பயம். ஆனால் கொழுந்து வாசம் பட்டாலே வயிற்றைப் புரட்டியது. மீன் குழம்பை நான் ஒதுக்கி வைத்ததை மாமியார் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தட்டை நகர்த்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏத்தா, முழுகிட்டேன்னு சொன்னியே?”

“ஆமா அத்தே, போன மாசந்தான் முழுகுனேன்.”

“இந்த மாசம்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இந்த முறை இரண்டு கோடு. இரண்டும் பளிச்சென்று. வீட்டுக்காரர் அன்றைக்கே அடிமாலிக்கு ஜீப்பை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா மலையாளி. தமிழ் நன்றாகவே பேசுவார். கடைசியாக எப்போது நாள் வந்தது என்று கேட்டார். அந்தக் கறை பட்ட நாளைச் சொன்னேன். அதை வைத்துக் கணக்குப் போட்டு, ஆறாவது வாரம் நடக்கும் என்றார். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன டாக்டர், ஏதும் குறையா?”

“குறையொன்னும் இல்ல மோளே. ஹார்ட்பீட் நல்லா இருக்கு. ஆனா நீ சொன்ன கணக்கைவிட வளர்ச்சி கூடுதலா இருக்கு. ஒம்பது வாரம் தாண்டிருச்சு. அந்த மாசம் எப்படி வந்தது? எப்பவும்போலயா?”

நான் கறையைப் பற்றிச் சொன்னேன். நாளுக்கு முன்னாலேயே வந்தது, பழுப்பாக இருந்தது, மறுநாள் நின்றது, டெஸ்ட் பார்த்தும் ஒரு கோடுதான் விழுந்தது, எல்லாவற்றையும். அவர் சிரித்துவிட்டார்.

“அது மாசவிடாய் இல்ல. அனேகமா கரு ஒட்டின ரத்தம்.”

கரு உண்டாகி ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் கருப்பைச் சுவரில் பதியுமாம். வேர் விடுகிற மாதிரி உள்ளே இறங்கும்போது அங்கேயிருக்கிற மெல்லிய ரத்தக்குழாய்கள் லேசாக உடையும். எல்லோருக்கும் தெரிவதில்லை, சிலருக்கு மட்டும் கொஞ்சம் கசியும். மெதுவாக இறங்குவதால் வெளியே வருவதற்குள் பழுப்பாகிவிடும். அது நாள் வருகிற சமயத்தை ஒட்டி நடப்பதால், வயிறும் அதே மாதிரி இழுப்பதால், பெண்கள் இந்த மாதம் கொஞ்சமாக வந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கரு அப்போதுதான் ஒட்டுகிறது, டெஸ்டில் தெரிகிற ஹார்மோன் அதற்குப் பிறகுதான் ஏறும், அதனால் அன்றைக்குப் பார்த்தால் ஒரு கோடுதான் விழும். இப்படி விளக்கிவிட்டு, “இது உறுதியான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. வேற காரணத்துக்கும் ரத்தம் படும். இனிமே ஒரு பொட்டு பட்டாலும், வயிறு வலிச்சாலும் உடனே வரணும்” என்றார். பிரசவத் தேதியை ஸ்கேன்படி ஏறக்குறைய ஒரு மாதம் முன்னால் மாற்றி எழுதினார்.

வெளியே நின்றிருந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பாதி கேட்டதும் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப அணைக்குப் போனப்ப நாம மூணு பேரா புள்ள?” என்றார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வரும் வழி முழுக்க, பள்ளம் வந்தால் ஜீப்பை நிறுத்தி நிறுத்தி இறக்கினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

மாமியார் கேட்டுவிட்டு முதலில் பதறினார். “நான் நல்லெண்ணெய் விட்டுக் கஞ்சி ஊத்துனேனே, சூடாச்சே, புள்ளக்கு ஒன்னும் ஆகாதே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆகாது என்று நான் சொன்ன பிறகு, அந்த ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து அழுதார்.

ஸ்கேன் சொன்ன வாரத்திலேயே மகள் பிறந்தாள். என் கணக்கை நம்பியிருந்தால் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டு நின்றிருப்பேன்.

என் கதை லயம் முழுக்கப் பரவிவிட்டது. போன வருஷம் அடுத்த லயத்துப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். அவளுக்கும் கல்யாணமாகிக் கொஞ்ச வருஷம் ஆகிவிட்டது. “அக்கா, எனக்கும் கறைதான் பட்டுருக்கு. ஒங்களுக்கு வந்த மாதிரியே” என்றாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஒரு வாரம் பொறுத்து டெஸ்ட் பார் என்றேன். சாயங்காலத்துக்குள் அது பெருகி, எப்போதும்போல வந்துவிட்டது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். என் மகளைக் கூட்டிப் போகவில்லை. மாமியார் தூக்குவாளியில் கஞ்சி கொடுத்துவிட்டிருந்தார். அவள் குடித்தாள். நான் அவள் ஈரத்தலையைத் துவட்டிவிட்டு, காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.