எல்லாப் பெட்டியிலும் இருநூறு

மாத்தளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பெண்கள் டெங்கு வார்டில் தாதியாக இருந்தபோது நடந்தது இது.

தோட்டத்துப் பெண் ஒருத்திக்குக் காய்ச்சல் ஐந்தாம் நாள். கூட நின்ற அவள் தங்கச்சி காலையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"காய்ச்சல் எறங்கிருச்சுங்க மிஸ். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புங்க, பஸ்ஸப் புடிச்சுப் போயிடுறோம்."

"எறங்குன பொறகுதான் தங்கச்சி பயம். இருங்க பாப்போம்."

லேப் துண்டுகள் ஒருபுறம், குடித்ததையும் கழித்ததையும் எழுதும் நீர்க்கணக்குத் தாள் ஒருபுறம் கிடக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பேசாது. அதனால் எல்லாவற்றையும் நாள்வாரியாக ஒரே தாளில் கோடு கோடாக வரைவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை, நானே பழகியது.

பிளேட்லட் மூன்றாம் நாள் ஒரு லட்சத்து நாற்பதாயிரம், பிறகு தொண்ணூற்றைந்தாயிரம், இன்று ஐம்பத்திரண்டாயிரம். இரத்தம் தடிப்பதைக் காட்டும் பிசிவி முப்பத்தாறு, முப்பத்தொன்பது, இன்று நாற்பத்து நாலு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேலே ஏறிவிட்டது. இரத்த நாளத்துக்குள் இருக்கவேண்டிய நீர் வெளியே கசிகிறது என்று அர்த்தம். அப்படியானால் சிறுநீர் குறைய வேண்டும். ஆனால் நீர்க்கணக்குத் தாளின் சிறுநீர்ப் பெட்டிகளில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை இருநூறு, இருநூறு, இருநூறு. ஒரே பேனா, ஒரே சாய்வு.

கட்டிலுக்கடியில் இருந்த சிறுநீர் அளவுக் குவளையை எடுத்தேன். அடியில் காய்ந்த தூசியும் ஒரு செத்த கொசுவும்.

"கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனீங்க?"

"நேத்துப் பொழுது சாய, கொஞ்சூண்டு. பொறகு வரவே இல்லங்க மிஸ்."

"யாரும் கேக்கலையா?"

"கேட்டா சொல்லியிருப்பேனே."

கை ஈரமும் குளிருமாக இருந்தது. இரத்த அழுத்தம் நூறுக்கு எண்பத்தைந்து; மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஆபத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. டாக்டரிடம் தாளோடு ஓடினேன். ஸ்கேனில் வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் நீர் தெரிந்தது. சேலைன் வேகத்தைக் கூட்டி, மணிக்கொரு தடவை அளந்தோம். பகல் இரண்டு மணிக்கு நாற்பது மில்லி சிறுநீர் வந்ததும் தங்கச்சி குவளையைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அந்த இருநூறுகளை எழுதிய இரவு முறைத் தாதி அன்று மறுபடி வேலைக்கு வந்தபோது, கேட்டதற்குச் சாதாரணமாகச் சொன்னாள்: "எல்லாரும் எழுதுறதுதானே அக்கா. கூட்டினா சரியா வரணும், பெட்டி காலியா இருந்தா டாக்டர் ரவுண்ட்ல ஏச்சு. நீங்களும் காலைல பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

போட்டிருந்தேன். பொறுப்பேற்கும்போது, குவளையைப் பார்க்காமல், கடைசி இருநூறுக்குக் கீழே.

"புதுத் தாள்ல எழுதிடுவோம் அக்கா. உயிரு தப்பிருச்சே."

வாயில் கசந்தது. அவளைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு இருநூறிலும் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதினேன். என் கையெழுத்தை அடிக்கவில்லை. தாளைப் பெரிய டாக்டரின் மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.