அக்காவின் மாமரமும் என் கூரையும்

ஆவணி மாதத்தில் ஒருநாள் உடுப்புக் காயப்போடக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். கயிறு கட்டியிருந்த வேலிக்கட்டை கையோடு வந்துவிட்டது. வெளியே பார்த்தால் நல்ல கட்டை. உள்ளே மரம் இல்லை, மண் இருந்தது. மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கறையான் ஓடியது. அடுத்த கட்டையைத் தட்டினேன். வெறும் டப்பாவைத் தட்டிய சத்தம். அதற்கடுத்ததும் அப்படித்தான். வேலிக்குக் கட்டியிருந்த தென்னோலைக் கிடுகுகளின் அடிப்பகுதியில் ஈரமண் அப்பி வைத்ததுபோல் இருந்தது. கையால் தட்டிவிட்டால் கிடுகு இருந்த இடத்தில் கிடுகு இல்லை.

எனக்கு வேலியைப் பற்றிக் கவலை இல்லை. வேலி போனால் புது வேலி போடலாம். வீட்டைப் பற்றித்தான் பயம் பிடித்தது.

ஆரையம்பதியில் எங்கள் வளவும் அக்காவின் வளவும் பக்கம் பக்கம். எங்கள் ஆட்களிடம் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். கல்யாணம் முடிந்தால் மகளும் மருமகனும் பெரிய வீட்டில் இருப்பார்கள். தாயும் தகப்பனும் பின்னால் ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். எனக்கு இந்த வீடு அப்படித்தான் கிடைத்தது. அக்காவுக்கும் அப்படித்தான் அந்த வீடு. என் மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தோம். கொடுக்க எங்களிடம் இருந்தது இந்த ஓட்டு வீடு மட்டும்தான். கூரை முழுக்கத் தென்னங்கைமரம். கறையானுக்குத் தென்னை என்றால் சொல்ல வேண்டியதில்லை.

என் புருஷன் வாவியில் தோணி வைத்து மீன் பிடிக்கிறவர். விடிய வலை தூக்கிவிட்டு வந்து களைப்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிசனிடம் கட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது வேலிக் கறையான்தான். வேலியத் திண்டுட்டு வேலியிலயே கிடக்கும். வீட்டுக்கு வராது."

"ஆர் சொன்ன?"

"எல்லாரும்தான் சொல்லுற."

"எல்லாரும் வந்து புது ஓடு போட்டுத் தருவாங்களா?"

"கல்யாணத்துக்குச் சொல்லாமப் போனாக் கறையான் ஏன் வரப்போகுது? நீ சும்மா கிட."

மனிசன் சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விட்டார். பிறகு என் வாய் தாங்காமல் கராஜில் கழிவு ஒயில் வாங்கி வந்து நின்ற கட்டைகளுக்கெல்லாம் பூசினார். பூசிய கட்டையை அது தொடவில்லை. இரண்டு கிழமையில் பூசாத இடமாகப் பார்த்து ஏறியிருந்தது.

இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் அடியில் என் இடுப்பளவுக்கு ஒரு புற்று. அக்கா அதற்கு வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைப்பாள். மஞ்சள் பூசி, பால் வைத்து, நாகதம்பிரான் இருக்கிற இடம் என்று செருப்போடு கிட்டப் போக விடமாட்டாள். அவளுடைய மகன் சின்னவனாக இருந்தபோது அந்த இடத்தில் ஒரு நல்லபாம்பு அவனுடைய காலுக்கு மேலால் ஊர்ந்து போயும் தீண்டவில்லை. அன்றைக்குத் தொடங்கிய விளக்கு.

நான் பார்த்தது ஒன்றுதான். புற்று என்றால் கறையான் கட்டுவது. கறையான் அங்கே இருக்கிறது, வேலியிலும் இருக்கிறது. வேறு எங்கிருந்து வரும்? அக்காவிடம் போய் நேரே கேட்டேன்.

"அக்கா, அந்தப் புத்த எடுக்கோணும். வேலியெல்லாம் போச்சு. நாளைக்குக் கூரைக்கு வரும்."

"உனக்கென்ன விசரா? சாமி இருக்கிற இடத்த எடுக்கிறதா?"

"சாமி இருந்தா இருக்கட்டும். கறையானும் சேந்தல்லோ இருக்குது."

"நீ எப்பவும் இப்பிடித்தான். உன்ட வாய்க்குப் பயந்துதான் உன்ட வீட்டுக்கு ஒரு சனம் வாறல்ல."

"என்ட பிள்ளைக்கு வீடில்லாமப் போனா உன்ட விளக்கு வந்து குந்த இடம் தருமா?"

"அதுல கை வச்சியெண்டா, இனி நீ எனக்குத் தங்கச்சி இல்ல. சொல்லிப்போட்டன்."

இந்த இடத்தில் நல்லவள் ஒருத்தி நிறுத்தியிருப்பாள். நான் நிறுத்தவில்லை. அடுத்த நாள் அக்கா மட்டக்களப்புக்கு மருந்தெடுக்கப் போன நேரம் பார்த்து மண்வெட்டியை எடுத்தேன். புற்றைத் தரையோடு வெட்டிச் சரித்தேன். உள்ளே பஞ்சுபோல, தேன்கூடுபோல சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாக இருந்தது. பாம்பு ஒன்றும் இல்லை. ஒரு பானை நிறையக் கொதிதண்ணீரும் அதற்கு மேல் மண்ணெண்ணெயும் ஊற்றினேன். மஞ்சள் பூசிய மண் கட்டிகளாகக் காலடியில் கிடந்தது. ஊற்றும்போது பெரிய வேலை செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

பின்னேரம் அக்கா வந்து பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. உடைந்த மண்ணில் கொஞ்சத்தை எடுத்துச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு நின்றது பேச்சு.

ஒரு மாதம் பொறுத்துக் காத்தான்குடியிலிருந்து கறையானுக்கு மருந்தடிக்கிற ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். வீட்டுக்கு எதிர்காலத்தில் வராமல் இருக்கச் சுற்றிவர மருந்து போட்டுவிடலாம் என்றுதான் கூப்பிட்டது. கையில் ஒரு நீளமான திருப்புளியும் டோர்ச்சும் வைத்திருந்தார். வேலியோரமாக நடந்து வந்து, வேலி வீட்டைத் தொடுகிற மூலையில் நின்றுவிட்டார்.

"அக்கா, இந்தக் கட்டைய சுவரோட சேத்துக் கட்டினது ஆரு?"

நான்தான் கட்டினேன். வேலிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியால் கோழிகள் அக்காவின் வளவுக்குப் போய்க் கீரையைக் கொத்துகின்றன என்று போன வருஷம் ஒரு தென்னங்கட்டையை நட்டு, கிடுகைச் சுவரோடு ஒட்டிக் கூரைத் தாழ்வாரம் வரைக்கும் கட்டிவிட்டிருந்தேன். தம்பி கிடுகைப் பிடித்து விலக்கினார். பின்னால் சுவரில் விரல் தடிப்பில் மண்கோடு. ஒன்றல்ல, நாலைந்து. நிலத்திலிருந்து நேரே கூரைக்கு ஏறியிருந்தது. ஒரு கோட்டைத் திருப்புளியால் உடைத்தார். உள்ளே வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. ஏணி வைத்து ஏறி, சுவரின் மேல் கிடத்தியிருந்த மரத்தில் திருப்புளியை வைத்தார். குத்தவில்லை, வைத்தார். பிடி வரைக்கும் உள்ளே போனது.

மகள் பக்கத்தில்தான் நின்றாள்.

"புத்த நான் உடைச்சிட்டன் தம்பி. மண்ணெண்ணெயும் ஊத்தினன். பிறகும் எப்பிடி வரும்?"

அவர் புற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கூரையிலிருந்து விழுந்த ஒன்றை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினார். மஞ்சள் தலையன். தலையைத் தொட்டதும் முன்னால் பால்போல ஒரு துளி கசிந்தது.

"இது வேற, அது வேற அக்கா. புத்துல இரிக்கிறது சருகு, கிடுகு, செத்த கட்டை இதுகளக் கொண்டுபோய் உள்ளுக்கு ஒரு பூஞ்சணத் தோட்டம் வளத்துத் தின்னுற சாதி. ஒங்கட வேலியில பாதி அதுதான். வீட்டுக்கு அதால பெரிசா ஒண்டும் இல்ல. கூரையில இரிக்கிறது பால் விடுற சாதி. இது புத்துக் கட்டாது. உசிரோட நிக்கிற மரத்துக்குள்ள தின்டு கோறையாக்கிக் கூடு வைக்கும். அங்கேரிந்து மண்ணுக்குக் கீழால வரும். ஒங்கட கிடுகுக்குப் பின்னால வெயிலும் படாம, ஆரும் காணாம ஏறியிரிக்கி."

"எந்த மரத்துக்குள்ள?"

அவர் வேலிக்கு மேலால் பார்த்தார். அக்காவின் மாமரம். அடிமரத்தில் மண் வழிந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது. காய்க்கிற மரம், பச்சைப்பசேலென்று நின்றது.

அக்கா வெளியே நின்றபடியால் தம்பி அவளிடம் கேட்டுவிட்டுப் போய்த் தட்டிப் பார்த்தார். அவரிடம் அக்கா மரியாதையாகத்தான் பேசினாள். ஒரு துளை போடவா என்று கேட்டதற்கும் தலையாட்டினாள். துளையூசி நாலு விரல் போனதும் வெறும் வெளிக்குள் விழுந்ததுபோல் இழுபட்டது. வெளியே எடுத்தபோது நுனியில் மண்ணிறமான ஈரக்கூழும் இரண்டு பூச்சிகளும் ஒட்டியிருந்தன.

"இதுக்குள்ளதான் அக்கா தாய்க்கூடு. துளைக்குள்ளால மருந்து விட்டா முடிஞ்சிரும்."

அப்போதுதான் அக்கா கேட்டாள். "இது ஆருக்காக?"

தம்பி என் பக்கம் கையைக் காட்டினார்.

"என்ட மரத்துக்கு ஒரு வருத்தமும் இல்ல தம்பி. நீங்க போங்க."

தம்பி என் பக்கத்தில் செய்யக் கூடியதைச் செய்தார். கிடுகை அறுத்து, சுவருக்கும் வேலிக்கும் நடுவில் இரண்டு சாண் விட்டார். சுற்றிவர வாய்க்கால்போலக் கான் வெட்டி மருந்து ஊற்றினார். கூரை மரத்தில் துளைத்து மருந்து ஏற்றினார். போகும்போது உண்மையைச் சொன்னார். வீடு பழையது. சீமெந்துத் தரை இடத்துக்கிடம் வெடித்திருக்கிறது. மாமரத்து வேர் தரைக்குக் கீழே எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. கூடு உயிரோடு இருக்கும் வரை வேறு வழி தேடும். "மரத்தச் செய்யாம நான் பொறுப்புச் சொல்ல ஏலாது அக்கா."

மூன்று தரம் அக்காவின் வாசலுக்குப் போனேன். முதல் தரம் கோபமாகத்தான் போனேன், எனக்கு வேறு மாதிரிப் போகத் தெரியாது. இரண்டாம் தரம் அழுதேன். அவள் முற்றத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் தரம் மகளைக் கூட்டிப்போனேன்.

"பெரியம்மா, அம்மா செஞ்சது பிழைதான். எனக்காக அந்த மரத்துக்கு மருந்து வைக்க விடுங்க."

அக்கா மகளின் தலையைத் தடவினாள். "உன்னோட எனக்கு என்ன கோவம் புள்ள? நீ எனக்கும் மகள்தான். ஆனா சாமிய வெட்டின வீட்டுக்கு நான் மருந்து வைக்க விட்டா, அது என்ட பிள்ளைகள்ள வந்து விடியும். புத்து பழையபடி எழும்பட்டும். மன்னிச்சிட்டாரெண்டு அப்ப நினைக்கிறன். அதுக்குப் பிறகு மரத்த வேரோட எடுத்தாலும் நான் ஒண்டும் சொல்லன்."

"அது எப்ப எழும்பும் பெரியம்மா?"

"அது எனக்கென்ன தெரியும். வெட்டினவவக் கேள்."

தம்பிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டது கேட்டது. ராணி ஆழத்தில் கெட்டியான மண் அறைக்குள் இருக்கும், மேலே ஊற்றிய எண்ணெய் அங்கே போயிருக்காது, மழை விழுந்தால் கட்டத் தொடங்கும் என்றார். எவ்வளவு நாள் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. நான் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. காலையில் எழும்பினால் முதலில் வேப்பமரத்தடிக்குத்தான் போவேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான். ஒருநாள் வெட்டின இடத்தில் கைப்பிடி அளவுக்கு ஈரமண் புதிதாகப் பூசியிருந்தது. வேலிக்கு மேலால் அக்காவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள்.

"இன்னும் வரட்டும்" என்றாள்.

கார்த்திகையில் முழங்காலளவுக்கு வந்தது. நல்ல மழையில் ஒரு பக்கம் கரைந்தது. கிடுகுத் துண்டும் சருகும் கொண்டுபோய்ப் பக்கத்தில் போட்டேன், தின்றுவிட்டாவது கட்டட்டும் என்று. புருஷன் தோணியிலிருந்து வந்தவர் அதைக் கண்டுவிட்டு வலையைக் காயப்போடப் போனார். பகிடி பண்ணியிருந்தால் பரவாயில்லை.

நேற்று மகள் அறையைக் கூட்டும்போது கூப்பிட்டாள். தரையும் சுவரும் சேருகிற மூலையில், வெடிப்பிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு மண்கோடு வந்திருந்தது. மருந்து போடாத, வீட்டுக்கு நடுவில் இருக்கிற சுவர். உடைத்துவிட்டேன். இன்று காலையில் பார்த்தேன், அதே இடத்தில் ஈரமாகக் கட்டியிருக்கிறது. தைக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. புற்று இடுப்புக்கு வர இன்னும் ஒரு முழம் இருக்கிறது.