ஆடிக்கு முன் காய்ச்சாத பால்

அந்த வருடம் நாங்கள் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வீடு மாறுவதாக இருந்தது. ஜூலை ஒன்றாம் தேதி என்று பேச்சு. மாறியது ஆகஸ்டு பிற்பகுதியில். யாராவது கேட்டால், "முன்னாடி இருந்தவுங்க காலி பண்ணல" என்று சொல்கிறேன். அது பொய்யில்லை. முழுக்க உண்மையும் இல்லை.

என் கணவர் பத்திரம் எழுதுபவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு, இருபத்தைந்து வருடம் ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லை எழுதியவர். மே மாதத்தில் ஒரு காலை பல் விளக்கும்போது வாதம் அடித்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு குழறியதே தவிர புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் மூன்று நாலு மாதம்தான் முக்கியம், தினமும் பயிற்சி கொடுத்தால் கை திரும்ப வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொன்னார். தினமும் என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னார்.

எங்கள் கடலூர் வீடு மாடியில். படிக்கட்டு குறுகல், நடுவில் ஒரு திருப்பம். அவரைக் கீழே இறக்க வேண்டுமென்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு ஆள் தூக்க வேண்டும். தினமும் நாலு ஆளுக்கு எங்கே போவது? வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்காரர் வீட்டுக்கே வந்தார். மற்ற நாட்களில் இவர் சன்னலைப் பார்த்தபடி கிடந்தார். நான் சிதம்பரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. காலை ஏழுக்குப் பஸ் ஏறினால் திரும்ப ஆறரை ஆகும். பக்கத்து வீட்டம்மா மத்தியானம் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒரு மாதம் அலைந்து அந்தச் சிதம்பரம் வீட்டைப் பிடித்தேன். தரைத்தளம், வாசலில் ஒரே ஒரு படி, சக்கர நாற்காலி நுழைகிற அகலத்தில் கதவு, மேற்கத்திய கழிப்பறை. பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். வீட்டுக்காரர் குறிஞ்சிப்பாடியில் இருக்கும் ரிட்டயர்டு மனிதர். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, ஒப்பந்தம் எழுதியாயிற்று. அதையும் இவர்தான் படுத்துக்கொண்டே வாய் குழறச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

ஜூன் கடைசி நாள் வீட்டுக்காரர் போன் செய்தார். "டீச்சரம்மா, இருக்குறவுங்க ரெண்டு நாள் டயம் கேக்குறாங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டிவைத்திருந்தேன். சாமான் ஏற்ற குட்டி யானை வண்டிக்குச் சொல்லியிருந்தேன். இரண்டு நாள் கழித்துக் கேட்டால், "பாக்கலாம்மா" என்றார். எனக்கு வந்ததே கோபம். போனை எடுத்து வாட்ஸப்பில் மளமளவென்று தட்டினேன். மனசாட்சி இருக்கிறதா, உங்கள் வீட்டில் இப்படி ஒருத்தர் விழுந்து கிடந்தால் இப்படித்தான் செய்வீர்களா, என்று பெரிய கடிதம். அனுப்புவதற்கு முன் இவரிடம் காட்டினேன்.

படித்துவிட்டு இடது கையால் நோட்டைக் கேட்டார். கோழி கிளறிய மாதிரி எழுத்து. ஒரு மணி நேரம் எழுதினார்.

"ஐயா, வணக்கம். தங்கள் வீட்டுத் தரைத்தளத்தை ஜூலை முதல் தேதி காலியாக ஒப்படைப்பதாக ஒப்பந்தம். இன்று மூன்றாம் தேதி. தற்போது குடியிருப்பவர் இன்னும் காலி செய்யவில்லை. அவர் எந்தத் தேதியில் காலி செய்வார் என்பதை நாளை மாலைக்குள் இதே எண்ணில் எழுத்தில் தெரிவிக்கவும். சாவி எங்கள் கைக்கு வரும் நாளிலிருந்தே வாடகை. ஆனி மாதம் முடிவதற்குள் வீடு கிடைக்காவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கோருகிறோம்."

அவ்வளவுதான். திட்டு இல்லை, அழுகை இல்லை.

"ஏங்க, உங்க நெலமையப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?"

"வேணாம். தேதி போதும்" என்று குழறினார்.

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கடைசியில் என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன்: 'என் கணவர் வாதத்தில் விழுந்து மாடியில் அடைபட்டுக் கிடக்கிறார், ஒவ்வொரு நாளும் அவர் கை போய்க்கொண்டிருக்கிறது.' அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்காரர் பதில் போடவில்லை. அதை அப்படியே அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத் தள்ளிவிட்டு, தன் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டார். மறுநாள் மத்தியானம், பள்ளியில் இருக்கும்போது, தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"அக்கா, நான் அந்த வூட்ல இருக்குறவ. ஒங்க மெசேஜப் படிச்சன். ஒரு தபா வந்துட்டுப் போறீங்களா?"

பள்ளி விட்டதும் போனேன், நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான். கதவு திறந்தே இருந்தது. முன்னறையில் கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். அதில் அவள் படுத்திருந்தாள். இருபத்துமூன்று, நாலு இருக்கும். வயிறு நன்றாகத் தெரிந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகவும், அவள் கணவன் வீட்டைக் காலி செய்துவிட்டு வடலூரில் அவனுடைய அப்பா அம்மாவோடு இருந்துகொள்வதாகவும் ஏற்பாடாம். வளைகாப்பு ஆன மறுநாளே ரத்தம் பட்டுவிட்டது. எழுந்து நடக்கக்கூடாது, வண்டியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நானும் இங்க அடைஞ்சிதான் கெடக்குறன்க்கா. எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு" என்றாள்.

சண்டை போட வந்தவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபமும் போகவில்லை. யார்மேல் காட்டுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது பொல்லாதது.

அவள்தான் ஒரு வழி சொன்னாள். "அக்கா, வர்ற திங்கக்கெழம நல்ல நாளு. நீங்க வந்து இங்க பால் காச்சிட்டுப் போயிடுங்க. எங்க அடுப்புலயே காச்சுங்க. பால் காச்சிட்டா அப்பறம் ஆடியில எப்ப வேணும்னாலும் சாமான் எடுத்தாரலாம். நாங்க எப்ப காலி பண்றோமோ அன்னிக்கே நீங்க வந்துடலாம்."

நியாயமான யோசனை. எங்கள் பக்கம் நிறையப் பேர் செய்வதுதான். ஆடியில் குடிபோக மாட்டோம். ஆனால் ஆனியிலேயே ஒரு நல்ல நாளில் சாமி படம், உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் வைத்துப் பால் காய்ச்சிவிட்டால் குடிபோனதாகக் கணக்கு. என் நாத்தனாரும் போனில் அதையேதான் சொன்னாள். "காச்சிடுங்க அண்ணி, கையோட முடிஞ்சிடும்."

நான் மாட்டேன் என்றேன். அந்தப் பெண்ணிடம், "ஒடம்பப் பாத்துக்கம்மா, அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நாத்தனாரிடம் உள்ளதைச் சொன்னேன். "அடுத்தவ அடுப்புல போயி நான் எதுக்குப் பால் காச்சணும்? அட்வான்ஸ் குடுத்த வீடு. காலி பண்ணிக் குடுக்கட்டும், என் அடுப்ப வச்சி காச்சிக்கிறேன்." எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. சின்ன வயதிலிருந்தே வீட்டில் எல்லோரும் சொல்வதுதான்.

இவருக்கு நடந்ததை எல்லாம் சொன்னேன், பால் விஷயத்தைத் தவிர. அந்தப் பெண்ணின் நிலைமையைக் கேட்டதும் நோட்டை வாங்கி, 'முன்பணம் கேட்க வேண்டாம், காத்திருப்போம்' என்று எழுதினார். கடலூர் வீட்டுக்காரம்மா, ஆடியில் யார் புதுசாகக் குடிவரப் போகிறார்கள், ஆவணி வரை இருங்கள் என்றார். சாக்கில் கட்டிய பாத்திரத்தில் பாதியைப் பிரித்தேன்.

திங்கட்கிழமை வந்தது, போயிற்று. அடுத்த சில நாளில் ஆடி பிறந்தது.

ஆடி பத்தோ பதினொன்றோ. அந்தப் பெண்ணின் கணவன் போன் செய்தான். முன்தினம் வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, குறைமாதத்திலேயே ஆண் குழந்தை பிறந்துவிட்டதாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், பயமில்லை என்றிருக்கிறார்கள். பிறகு சொன்னான்:

"டீச்சர், அவ ஆஸ்பத்திரிலேருந்து நேரா அம்மா வூட்டுக்குப் போயிடுவா. ஞாயித்துக்கெழம சாமானெல்லாம் வடலூருக்கு எடுத்துட்டுப் போறேன். சாவிய ஒங்க கையிலயே குடுக்கச் சொன்னா."

"ஆடியில காலி பண்றீங்களா தம்பி?"

"குடி போறதுக்குத்தான டீச்சர் ஆடி பாக்கணும்? காலி பண்றதுக்கு என்னா இருக்கு."

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலுக்கு வந்து சாவியைக் கொடுத்தான். இரண்டு நாளாகத் தூங்காத முகம். வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டதாகவும் சொன்னான். செங்கல்லை மட்டும் கொல்லையில் அடுக்கியிருக்கிறானாம்.

அன்று மாலை சாவியை இவர் படுக்கையில் வைத்தேன். அவர் முகம் மலர்ந்ததை எத்தனையோ நாள் கழித்து அன்றுதான் பார்த்தேன். நோட்டில் எழுதினார்: 'நாளைக்கே போகலாம்.'

"ஆடிங்க. இன்னும் மூணு வாரம். ஆவணி பொறந்ததும் மொத மூர்த்தத்துல போயிடலாம்."

'போகலாம்' என்று அடிக்கோடு போட்டார்.

நான் அறிவியல் ஆசிரியை. கிரகணத்துக்கு வெளியே வரலாம், ஒன்றும் ஆகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனாலும் பால் காய்ச்சாத வீட்டுக்கு, ஆடி மாதத்தில், ஏற்கெனவே ஒரு பக்கம் விழுந்த மனிதரைக் கொண்டுபோக எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்னொரு தரம் அடித்துவிட்டால்? பயந்து செத்தேன் என்றே சொல்ல வேண்டும். அவர் நோட்டை மூடித் தலைமாட்டில் வைத்துவிட்டார்.

மூன்று வாரம் அந்தச் சாவி என் கைப்பையில் இருந்தது. தினமும் பஸ் டிக்கெட்டுக்குக் கையை விடும்போது விரலில் இடறும். ஊரில் கூழ் ஊற்றினார்கள், ஒலிபெருக்கி கட்டினார்கள். வீடு காலியாகக் கிடந்தது. இவர் மாடியில் கிடந்தார்.

ஆவணியில் போனோம். நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். அவர் இல்லாமல் பால் காய்ச்சுவதா என்று வண்டியில் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அடுத்த நாளே பயிற்சிக்குப் போனோம். அங்கிருந்த பெண் அவர் வலது கையைத் தூக்கிப் பார்த்து, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நல்லாருக்கும்" என்றாள். யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. கால் ஓரளவு வந்தது, கோலூன்றி நடக்கிறார். கை வரவில்லை. அந்த மூன்று வாரத்தில் வந்திருக்குமா என்று எந்த டாக்டரையும் நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அந்தப் பிள்ளை நன்றாக வளர்கிறான். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அவன் அம்மா படம் அனுப்புகிறாள். போன வருடம் படத்தோடு ஒரு வரியும் எழுதியிருந்தாள்: 'எங்களாலதான் லேட்டாச்சு அண்ணனுக்கு. இன்னும் மனசுல இருக்குக்கா.'

இவர் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரியையும் படித்தார். நான் என்ன பதில் போடப் போகிறேன் என்று காத்திருந்தார். பால் விஷயம் அவருக்குத் தெரியும், நாத்தனார் எப்போதோ சொல்லிவிட்டாள். என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

'பரவாயில்லம்மா' என்று தட்டி அனுப்பினேன்.