பத்து மில்லிக்கு நாலு சொட்டு

மலைப்பாதைப் பேருந்து என்றாலே எனக்கு முதல் நாளே நெஞ்சு படபடக்கும். அஞ்செட்டி போகவேண்டி வந்தபோது அந்தப் படபடப்பு அடங்க என் மனைவி மணிக்கட்டில் உருட்டித் தடவும் ஒரு ரோல்-ஆன் குப்பியில் வாசனை எண்ணெய் கலந்தாள். பத்து மில்லி பாதாம் எண்ணெயில் லாவண்டர் இரண்டு சொட்டு, ஆரஞ்சு ஒன்று, புதினா ஒன்று.

"நாலே சொட்டா?"

"ரெண்டு பர்சென்ட்டுங்க. அதுக்கு மேல தோலுக்கு ஆகாது."

நான் ஓசூரில் இரும்பு கடையும் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறவன். இரும்பு சூடாகாமல் இருக்க ஊற்றும் கூலன்ட் எண்ணெயைத் தண்ணீரில் எட்டு சதவீதம் கலப்போம். இரண்டு என்றால் இரும்பு துருப்பிடித்துவிடும். இவளுடைய இரண்டை எப்படி நம்புவது? அவள் அசந்த நேரத்தில் லாவண்டரும் புதினாவுமாகப் பன்னிரண்டு சொட்டு சேர்த்தேன். மொத்தம் பதினாறு; இப்போது எட்டு சதவீதம்.

பேருந்து தேன்கனிக்கோட்டை தாண்டியதும் குப்பியை மணிக்கட்டில் உருட்டினேன். சற்று நேரத்தில் தோல் சிவந்து எரிந்தது. முன் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பக்கத்து சீட்டில் இருந்த மனைவி பையில் கொண்டுவந்திருந்த வெறும் பாதாம் எண்ணெயால் என் கையைத் துடைத்துவிட்டு, இன்னொரு குப்பியை நீட்டினாள்.

"நீங்க அதுல கை வைப்பீங்கன்னு தெரியும். இது சரியான அளவு. மோந்து மட்டும் பாருங்க."

மோந்து பார்த்தேன். இதில் நாலுகூட இல்லை, மூன்று சொட்டுதான் இருக்கும் என்று தோன்றியது.