சுண்டக் காய்ச்சிய கிணறு

கிளாங் கடலோரத் தோட்டத்தில் பக்கத்து லயத்துக் கூலி வரிசைவீடுகளில் வாந்திபேதி கண்டதும், கிணற்று நீரைக் கொதிக்க வைத்தே குடிக்கவேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டிரெஸர். எங்கள் கிணறோ உப்பு. அந்த உப்பும் போகட்டுமென்று, லயத்துக்கே கஞ்சி காய்ச்சும் சமையல்காரர் நீரைப் பாதியாகச் சுண்டவைத்தார். விறகு சுமந்தது நான். குடித்தவர்கள் துப்பிவிட்டு, ருசியான வாய்க்கால் நீரைப் பச்சையாகவே குடித்தார்கள்.

டிரெஸர் சுண்டிய நீரில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"யோவ், தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிச்சா கிருமி செத்துரும். உப்பு எங்கய்யா போகும்? தண்ணிதான் ஆவியாப் போகும்!"

"அப்ப எதைங்கய்யா காய்ச்சுறது?" என்றார் சமையல்காரர்.

"அவனுங்க திருட்டுத்தனமா குடிக்கிற வாய்க்கால் தண்ணியைத்தான்!"

காய்ச்சினோம். எல்லாரும் குடித்தார்கள். எங்கள் லயத்தில் யாரும் சாகவில்லை. கிணற்று உப்பு இல்லாமல் கஞ்சி சப்பென்று இருப்பதாக மட்டும் சமையல்காரரைத் திட்டினார்கள்.