எட்டுப் பெண்கள் நின்ற வரிசை

கன்டோன்மென்டில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சராக இருந்தபோது நடந்தது இது. முந்தின வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய நாற்பது பேரில் பதினாறு பேர்தான் தேறினார்கள். அந்த வருஷமும் எழுதியது நாற்பது பேர். தேறியது இருபத்து நான்கு. தலைமையாசிரியை அம்மாள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் காபி வரவழைத்தார்.

இங்கிலீஷ் டீச்சர் சந்தோஷத்தில் உள்ளூர்ப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பினாள். தேர்ச்சி ஐம்பது சதவீதம் உயர்ந்தது என்று எழுதியிருந்தாள். அது தப்பில்லை. ஆனால் எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று சொல்லாமல் விட்டுவிட்டாள். பத்திரிகைக்காரர்கள் அதைச் சுருக்கி, ஐம்பது சதவீதம் பேர் தேறினார்கள் என்று போட்டுவிட்டார்கள்.

தேறிய பெண்களுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த அன்று, மகள்களைச் சேர்க்க இரண்டு அப்பாக்கள் வந்தார்கள். மல்லேஸ்வரத்திலிருந்து வந்தவர் பத்திரிகையை நீட்டி, பாதிப் பேர் ஃபெயிலாகும் பள்ளியில் எப்படிச் சேர்ப்பது என்று தயங்கினார். அடுகோடியிலிருந்து வந்த மற்றவர் செய்தியை இங்கிலீஷ் டீச்சர் வாயாலேயே கேட்டிருந்தார். அவர் கணக்கு வேறு.

"போன வருஷம் நாற்பது பர்சென்ட். ஐம்பது ஏறிச்சுன்னாங்க. தொண்ணூறு ஆச்சேம்மா!"

அம்மாள் என்னைப் பார்த்தார். நான் முற்றத்தில் இருந்த பெண்களைக் கூப்பிட்டு, பதினாறு பேரை ஒரு வரிசையாகவும் மீதி எட்டுப் பேரை இன்னொரு வரிசையாகவும் நிற்கவைத்தேன். வாயில் மிட்டாயோடு சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

"போன வருஷம் இத்தனை பேர் பாஸ்," என்று பெரிய வரிசையைக் காட்டினேன். "இந்த எட்டுப் பேர் இந்த வருஷம் கூட. பதினாறுல எட்டு பாதி. அதான் ஐம்பது சதவீதம் ஏறினது. ஆனா பரீட்சை எழுதினது நாற்பது பேர். நாற்பதுல எட்டுன்னா நூத்துக்கு இருபது. அதனால நாற்பது சதவீதம் அறுபதாச்சு. ஐம்பதும் இல்லை, தொண்ணூறும் இல்லை."

இந்த இருபதைத்தான் இப்போது சதவீதப் புள்ளி என்கிறார்கள். அன்று எங்களுக்கு அந்த வார்த்தை இல்லை. இருபது சதவீதம் ஏறியது என்று எழுதியிருந்தாலும் வம்புதான். நாற்பதில் இருபது சதவீதம் எட்டுத்தானே, நாற்பத்தெட்டு என்று யாராவது கணக்குப் போட்டிருப்பார்கள்.

மல்லேஸ்வரத்துக்காரர் முகம் மலர்ந்தது. அடுகோடிக்காரர் வரிசைகளை மாறி மாறிப் பார்த்தார். தொண்ணூறு போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தேறாத பதினாறு பேரை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்.

"அவங்களுக்குத் திங்கட்கிழமை தனி வகுப்பு ஆரம்பிக்கிறோம்," என்றார் அம்மாள்.

அடுகோடிக்காரருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. ஒரு மகளைச் சேர்க்க வந்தவர் இரண்டு மகள்களைச் சேர்த்துவிட்டுப் போனார்.

இங்கிலீஷ் டீச்சர் அன்றே பத்திரிகை ஆபீஸுக்குப் போனாள். மறுநாள் திருத்தம் வந்தது: முன்பு நூற்றுக்கு நாற்பது, இப்போது நூற்றுக்கு அறுபது. அதை அவள் ஸ்டாஃப் ரூமில் உரக்க வாசிக்க, நாங்கள் கைதட்டினோம்.