மாணவரும் ஆசிரியரும் மட்டும்

மலேசியாவில், சிரம்பானை அடுத்த ராசாவில் நான் வரலாறு கற்பித்த இடைநிலைப் பள்ளியில் திரைப்படக் கழகம் தொடங்கியபோது, எந்தப் படம் போடுவது என்பதில்தான் சண்டை வரும் என்று நினைத்தேன். யார் பார்க்கலாம் என்பதில் வரும் என்று நினைக்கவில்லை. பணி ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

டிஸ்கில் படம் பார்த்த காலம் அது. முதல் பருவத்திற்கு மூன்று படங்கள் போதும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலம்தான் பொருள் என்று முடிவு செய்தோம். ஐந்தாம் படிவப் பாடத்தில் அந்தக் காலத்துக்குக் கிடைத்த இடம் கொஞ்சம். ஜப்பான்காரன் ஆள் பிடித்துப் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குப் போன தோட்டத்துத் தமிழருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தின் மேல் எனக்கிருந்த கோபமும் இந்தத் தேர்வுக்கு ஒரு காரணம்.

பிள்ளைகள் முதலில் கேட்டது ஒரு சண்டைப் படம். அட்டையிலேயே பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று போட்டிருந்தது. கழகத்தில் அந்த வயது யாருக்கும் இல்லை. அதைத் தள்ளினோம். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் அரிசியை ஒளித்துவைத்த ஒரு குடும்பத்தைப் பற்றிய மலாய்ப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். கோலாலம்பூர்க் கல்லூரி மாணவர்கள் தமிழில் எடுத்த குறும்படம் ஒன்று சேர்ந்தது. மூன்றாவது, வெளிநாட்டார் எடுத்த ஓர் ஆவணப்படம். சயாம் பாதைக்குப் போனவர்களின் குடும்பங்களைத் தேடி அவர்கள் நம் தோட்டங்களுக்கே வந்து எடுத்தது. ரெம்பாவ் பக்கத் தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அதுல எங்க தாத்தா பேசியிருக்காரு. ஆனா அவரு அந்தப் படத்தப் பாத்ததே இல்ல," என்றாள். அதற்குப் பிறகு வேறு மூன்றாவது படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

டேவானில், அதாவது பள்ளி மண்டபத்தில், மின்விசிறிகள் போதவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்கு எல்லாமே எளிதாகத் தெரிந்தது.

"டிஸ்கு காசு குடுத்துதானே வாங்குறோம் டீச்சர்? அப்புறம் போட்டுக் காட்டுறதுக்கு யாரு பர்மிஷன் வேணும்? சின்னதா டிக்கெட்டும் வச்சா டேவானுக்கு நாலு காத்தாடி வாங்கிறலாம் லா."

எனக்கும் அதற்குமேல் தெரியாது. சிரம்பானில் வழக்கறிஞராக இருந்த என் பழைய மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டேன். ஒரு மாலை வகுப்பறையில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள். வாங்கிய டிஸ்க் வீட்டில் பார்ப்பதற்கு. கூட்டம் கூட்டிக் காட்டுவது வேறு உரிமை, அது படத்தின் உரிமையாளரிடம் இருக்கிறது. இலாப நோக்கில்லாத கழகம், கல்விக்காக, நுழைவுக் கட்டணம் வாங்காமல் காட்டினால் நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் விலக்குத் தருகிறது. டிக்கெட் வைத்த நிமிடமே அந்த விலக்கு போய்விடும். தணிக்கை அதிலிருந்து முற்றிலும் தனி. உரிமையாளர் சரி என்றாலும், தணிக்கை வாரியம் பார்க்காத படத்தைக் காட்டக்கூடாது.

"ரெண்டும் ஒண்ணுன்னு நெனைச்சுத்தான் டீச்சர் எல்லாரும் மாட்டிக்கிறாங்க," என்றாள்.

காத்தாடி ஆசை அன்றோடு போயிற்று. மலாய்ப் படம் தணிக்கைச் சான்றோடு கடையில் விற்றது. விலக்கு இருந்தாலும் விநியோகஸ்தருக்கு எழுதிக் கேட்டோம், மகிழ்ச்சியோடு சரி என்றார்கள். குறும்படக்காரர்கள் தொலைபேசியிலேயே ஒப்புக்கொண்டு, பிறகு எழுத்திலும் கொடுத்தார்கள். அவர்கள் அதைத் தணிக்கைக்கு அனுப்பியதே இல்லை. பள்ளி வழியாக நாங்கள் அனுப்பினோம்.

ஆவணப்படம் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. பிரதி வேண்டுமென்றால் வெளிநாட்டு விநியோக நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். ஒப்பந்தம் வந்தது. பார்வையாளர் என்ற இடத்தில் எழுதியிருந்தது: பள்ளியின் மாணவரும் ஆசிரியரும் மட்டும். வெளியார் ஒருவர் உட்கார்ந்தாலும் அது பொதுத் திரையிடல். அதற்கு வேறு ஒப்பந்தம், பள்ளியால் நினைத்துப் பார்க்க முடியாத கட்டணம்.

வழக்கறிஞரிடம் கேட்டேன். "சட்டம் குடுத்த விலக்கு இருக்குதான் டீச்சர். ஆனா பிரதி அவங்க கையில. கையெழுத்துப் போட்டு வாங்கினா, அவங்க சொன்னபடிதான் நடக்கணும்," என்றாள்.

அப்படியானால் அந்தத் தாத்தா? அவர் மாணவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. அவர் முகம் இருக்கிற படம். அவர் அப்பாவின் சாவு இருக்கிற படம். எந்தெந்த நாட்டிலோ திரைப்பட விழாக்களில் கைதட்டி முடித்த படம். அதை அவர் பார்த்தால் விதிமீறல்.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஒரே ஒரு விருந்தினர், அவரும் படத்தில் பேசியவர், அனுமதியுங்கள் என்று கேட்டேன். பதில் மிகவும் மரியாதையாக வந்தது. எங்கள் ஆர்வத்தைப் பாராட்டினார்கள். பார்வையாளர் பிரிவை மாற்ற இயலாது என்றார்கள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆசிரியர் அறையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தலைமையாசிரியை கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சும்மா அவரக் கூட்டிட்டு வந்து கடைசி வரிசையில உக்கார வச்சிருங்க. யாரு பாக்கப் போறா?" என்றார் ஒரு சக ஆசிரியர்.

எனக்கு அதில் சம்மதமில்லை. அவரைத் திருட்டுத்தனமாக உள்ளே விடுவதா? தன் படத்தைப் பார்க்க அவர் ஏன் ஒளிய வேண்டும்?

இயக்குநரைத் தேடிப் பிடித்து நேராக எழுதினேன். ஒரு வாரம் கழித்து பதில் வந்தது. உரிமை முழுவதையும் விற்றுவிட்டதாகவும், ஆனால் பேசியவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி தருவதாக அப்போதே சொல்லியிருந்ததாகவும் எழுதியிருந்தார். தோட்டங்களுக்கு மட்டும் அனுப்பத் தவறிவிட்டதாம். படத்தில் பேசிய மற்ற நாட்டார் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கள் தோட்டத்துக்கு மட்டும்தான் தபால் கிடையாதா? திட்டி ஒரு பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். பிரதி வந்தது. உறையின் மேல், வீட்டில் பார்ப்பதற்கு மட்டும் என்று இருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் எங்கள் திரையிடலுக்கான பிரதி தனியாக வந்து தணிக்கைக்குப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெம்பாவ் பக்கம் போனேன். தாத்தா மகன் வீட்டில் இருந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், வெடுக்கென்று பேசுவார். பள்ளித் திரையிடலுக்கு வர அவருக்கு அனுமதி கிடைக்காததைச் சொல்லி, பிரதியைக் கொடுத்தேன்.

"அவங்க என் வூட்டுக்கு வந்து கேமரா வச்சாங்களே, நான் பர்மிஷன் பாரம் கேட்டனா?" என்றார். பிறகு, "போடுங்க, பாப்போம்."

குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். அவர் முறை வந்தது. திரையில் அவர் தமிழில் பேசத் தொடங்கினார். உடனே அவர் குரலை அமுக்கிவிட்டு மேலே ஆங்கிலக் குரல் ஒன்று ஏறியது. சிப்பாய்கள் இரவில் தோட்டத்து லய வீடுகளுக்குள் புகுந்து தன் தந்தையை இழுத்துப்போனதாக அந்தக் குரல் சொன்னது. பேத்தி அதைத் தமிழில் சொன்னாள்.

தாத்தா எழுந்து நின்றுவிட்டார்.

"நிறுத்து. யாரு சொன்னா அப்படி?"

"நீங்க சொன்னதாத்தான் தாத்தா போட்டிருக்காங்க."

"எங்க லயத்துக்கு எந்த சோல்ஜரும் வரல. வேல வாங்குற மண்டோர்தான் வந்தான். நம்ம ஆளு, தமிழன். சிரம்பான்ல சும்மா படம் காட்டுறாங்க, காசு வேணாம், லாரி வருது, ஆம்பளைங்க எல்லாம் வாங்கன்னு சொன்னான். எங்கப்பா சட்ட மாத்திக்கிட்டு, தலைய வாரிக்கிட்டு, சிரிச்சிக்கிட்டே ஏறுனாரு. எனக்குக் காய்ச்சல். இல்லன்னா நானும் போறேன்னு அழுதுருப்பேன். தியேட்டருக்குள்ள உக்கார வச்சுக் கதவ அடச்சிட்டாங்க. அங்கருந்து நேரா ரயிலு. தப்பிச்சு வந்த ஒரு ஆளு வந்து சொன்னாரு. இத அத்தனையும் அந்த வெள்ளக்காரன்கிட்ட சொன்னேன் டீச்சர். உக்காந்து தலையத் தலைய ஆட்டிக்கிட்டுக் கேட்டான்."

திரும்ப ஓட்டி, ஆங்கிலக் குரலுக்கு அடியில் காதை வைத்துக் கேட்டோம். 'சட்ட மாத்திக்கிட்டு' என்று அவர் சொல்வது மங்கலாகக் கேட்டது. அவர் சொன்னது அங்கேயே இருந்தது. அதன் மேல் வேறொன்றை ஊற்றிவிட்டார்கள். இழுத்துப்போனது என்றால் உலகத்துக்குச் சுலபமாகப் புரியும். சிரித்துக்கொண்டு லாரி ஏறியது புரியாது போலும். படம் காட்டுவதாகச் சொல்லி ஆள் பிடித்த கதையைத்தான் ஒரு படம் வெட்டிப்போட்டிருந்தது.

படத்தையே கைவிடலாம் என்று கழகக் கூட்டத்தில் சொன்னேன். பிள்ளைகள் ஒப்பவில்லை. அந்த மாணவிதான் கேட்டாள்: "படம் பாக்கத்தானே டீச்சர் தாத்தாவுக்கு அனுமதி இல்ல? படம் முடிஞ்சப்புறம் வந்து பேசுறதுக்கு யாருகிட்ட அனுமதி கேக்கணும்?"

ஒப்பந்தத்தை மறுபடி படித்தோம். திரையிடலைப் பற்றித்தான் அதில் இருந்தது. பேச்சைப் பற்றி ஒன்றும் இல்லை. வெளியாரைப் பேச அழைக்கத் தலைமையாசிரியையின் அனுமதி போதும். அவர் அங்கேயே தலையசைத்தார்.

தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் வந்தபின், மூன்றாவது படமாக, ஒரு வெள்ளிக்கிழமை டேவானில் அது ஓடியது. மாணவரும் ஆசிரியரும் மட்டும். தாத்தா வேட்டி சட்டையில் சிற்றுண்டிச் சாலையில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் குரல் ஒலிபெருக்கியில் அங்குவரை கேட்டிருக்கும், ஆங்கிலத்தின் அடியில். காத்திருந்த அந்த நேரத்தில் எனக்கு யார்மேல் எரிச்சல் அதிகம் என்று தெரியவில்லை: விநியோகக்காரர் மீதா, இயக்குநர் மீதா, அந்த விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்த என் மீதா.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. டிஸ்கை வெளியே எடுத்தபின் அவரை அழைத்து வந்தோம். வெளிச்சம் வராமலிருக்க டேவானின் கதவுகளையெல்லாம் சாத்தியிருந்தோம். அவர் நுழைந்த கதவும் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. மேடைக்குப் போகாமல் நடுவில் நின்றார்.

"அந்தக் கதவத் தொறங்க," என்றார்.

ஒரு கதவைத் திறந்தார்கள்.

"எல்லாத்தையும்."

பிள்ளைகள் எழுந்து ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். பிற்பகல் வெயிலும் சாலையில் போன பேருந்தின் சத்தமும் உள்ளே வந்தன. அதற்குப் பிறகுதான் அவர் ஒலிவாங்கியை வாங்கி, தன் அப்பா எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு படம் பார்க்கப் போனார் என்று சொல்லத் தொடங்கினார்.